80 கிலோவை ஐந்து முறை தூக்குபவர் ஒரு முறை எவ்வளவு தூக்குவார்?

எடைப்பயிற்சி அட்டவணை எதை எடுத்துப் பார்த்தாலும் அதில் ஒரு சதவீதக் கணக்கு இருக்கும். "பெஞ்ச் பிரஸ், 75 சதவீதம், ஐந்து செட், ஐந்து ரெப்" என்று எழுதியிருப்பார்கள். எதில் 75 சதவீதம் என்பதை அட்டவணை போட்டவர் பெரும்பாலும் விளக்குவதில்லை. அது உங்கள் உச்ச எடையில் 75 சதவீதம். சரியான முறையில், யாருடைய கையும் படாமல், ஒரே ஒரு தடவை மட்டும் தூக்க முடிகிற அதிகபட்ச எடைதான் உச்ச எடை. ஜிம்மில் இதை 'ஒன் ரெப் மேக்ஸ்' என்பார்கள், சுருக்கமாக 'மேக்ஸ்'. அந்த எண் தெரியாதவருக்கு அட்டவணை முழுவதும் வெறும் காகிதம்தான்.

நேரடியாகச் சோதித்துத் தெரிந்துகொள்ளலாமே என்று தோன்றும். அதற்கு ஒரு முறை இருக்கிறது. வெறும் பாரில் தொடங்கிப் படிப்படியாக எடையைக் கூட்டி, உச்சத்துக்குப் பக்கத்தில் வந்ததும் ஒவ்வொரு முயற்சிக்கும் இடையே மூன்று முதல் ஐந்து நிமிடம் ஓய்வெடுத்து, கடைசியில் தூக்க முடியாமல் போகும் எடைவரை செல்ல வேண்டும். அதற்கு முந்தைய எடைதான் மேக்ஸ். தகுந்த மேற்பார்வையில் செய்தால் இதில் பெரிய ஆபத்து ஒன்றும் இல்லை. ஆனால் அன்றைய பயிற்சி நேரம் மொத்தமும் இதற்கே போய்விடும். அதன் அசதி அடுத்த சில நாள் பயிற்சியிலும் தெரியும். ஆறு மாதம் முன்பு சேர்ந்தவருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரே ஒரு முறை மிகக் கனமாகத் தூக்குவது தனிப் பழக்கம். அந்தப் பழக்கம் இல்லாதவர், உடம்பில் வலு இருந்தும், பார் நெஞ்சுக்கு வந்ததும் தடுமாறிவிடுவார். அன்று கிடைத்த எண் அவர் வலுவைவிடக் குறைவாக இருக்கும். அதுவும் நாலைந்து வாரத்தில் பழசாகிவிடும், ஏனென்றால் புதியவரின் பலம் அத்தனை வேகமாக ஏறும்.

அதனால்தான் பயிற்சியாளர்கள் வேறு வழியில் போகிறார்கள். ஐந்து முறை தூக்க முடிகிற, ஆறாவது முறை முடியாத ஓர் எடையைக் கண்டுபிடித்து, அதிலிருந்து மேக்ஸைக் கணக்குப் போட்டுவிடுகிறார்கள்.

இதற்கு உலகெங்கும் அதிகம் புழங்கும் சூத்திரங்கள் இரண்டு. முதலாவது பாய்ட் எப்லி என்பவருடையது. அமெரிக்காவின் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் 1969-ல் கால்பந்து வீரர்களுக்குப் பலப் பயிற்சி கொடுக்கச் சேர்ந்தவர் இவர். கல்லூரி விளையாட்டில் அதையே முழுநேர வேலையாகச் செய்த முன்னோடிகளில் ஒருவர். அவருடைய கணக்கு இது:

மேக்ஸ் = எடை × (1 + ரெப் ÷ 30)

இரண்டாவது, பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய மேட் பிரிஸ்கி 1993-ல் வெளியிட்டது:

மேக்ஸ் = எடை × 36 ÷ (37 − ரெப்)

80 கிலோவை ஐந்து முறை தூக்கியவருக்கு இவற்றைப் போட்டுப் பார்ப்போம். எப்லி கணக்கில் ஐந்தை முப்பதால் வகுத்து ஒன்றைக் கூட்டினால் 1.167. எண்பதால் பெருக்கினால் 93.3 கிலோ. பிரிஸ்கி கணக்கில் 36-ஐ 32-ஆல் வகுத்தால் 1.125. எண்பதால் பெருக்கினால் சரியாக 90 கிலோ. அமெரிக்கப் பயிற்சியாளர் சங்கத்தின் பாடநூல் அட்டவணை ஐந்து ரெப் எடையை மேக்ஸில் 87 சதவீதம் என்று வைக்கிறது. அதன்படி 92 கிலோ. ஒரே ஆள், ஒரே செட், மூன்று விடைகள். கைபேசிச் செயலிகள் இவற்றில் ஏதோ ஒன்றை உள்ளே வைத்துக்கொண்டு "உங்கள் மேக்ஸ் 93.3 கிலோ" என்று தசமப் புள்ளியோடு காட்டும்போது, அந்தப் புள்ளிக்குப் பின்னால் இருப்பதற்கு எந்த அர்த்தமும் இல்லை.

இரண்டு சூத்திரங்களும் ஒத்துப்போகும் இடம் ஒன்று உண்டு. அது பத்து ரெப். பத்தைப் போட்டால் இரண்டிலுமே 1.333 வரும். அப்படியானால் பத்து முறை தூக்கியே கணக்குப் போடலாமே என்று கேட்கலாம். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். இரண்டு சூத்திரங்கள் ஒரே விடை சொல்வதால் அந்த விடை உண்மையாகிவிடாது, இரண்டு கோடுகள் அந்த இடத்தில் வெட்டிக்கொள்கின்றன, அவ்வளவுதான். பத்தைத் தாண்டினால் இரண்டும் திசைக்கொன்றாகப் பிரிகின்றன. இருபது ரெப்புக்கு எப்லி 1.67 மடங்கு என்கிறார், பிரிஸ்கி 2.1 மடங்குக்கு மேல் போய்விடுகிறார். 20 கிலோ வெறும் பாரை 36 முறை தள்ளுகிறவருக்கு பிரிஸ்கி சூத்திரம் 720 கிலோ மேக்ஸ் கொடுக்கும். 37-வது ரெப்பில் பூஜ்யத்தால் வகுக்க வேண்டி வரும். சூத்திரத்தை எழுதியவர் மீது இதில் குற்றம் இல்லை, குறைந்த ரெப்புகளுக்காகப் போட்ட கணக்கை இருபதுக்கும் முப்பதுக்கும் இழுப்பவர்கள் மீதுதான்.

பத்தைவிட ஐந்து ஏன் மேல்? ஐந்து ரெப் செட் சுமார் பதினைந்து, இருபது வினாடியில் முடிந்துவிடுகிறது. அந்த நேரத்தில் தசை பெரும்பாலும் தன்னிடம் தயாராக இருக்கும் கிரியேட்டின் பாஸ்பேட் இருப்பை வைத்தே சமாளிக்கிறது. ஐந்தாவது ரெப்பில் உங்களைத் தடுத்து நிறுத்துவது எடையின் கனம்தான். செட் நீள நீளக் கதை மாறுகிறது. தசை எரிகிறது, மூச்சு வாங்குகிறது, அந்த எரிச்சலைப் பொறுக்கும் குணம் ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது. நீண்ட தூரம் ஓடிப் பழகியவர் பன்னிரண்டு ரெப் வரும் எடையில் அசராமல் போய்க்கொண்டே இருப்பார், அவருடைய மேக்ஸ் அவ்வளவு பெரிதாக இருக்காது. குண்டெறியும் வீரர் அதே எடையில் எட்டாவது ரெப்பிலேயே நின்றுவிடுவார், அவர் மேக்ஸ் பெரிதாக இருக்கும். ரெப் கூடும்போது நாம் அளப்பது பலத்தை விட்டு நகர்ந்து, தாங்கும் சக்தியை நோக்கிப் போகிறது.

ரெனால்ட்ஸும் அவருடைய சகாக்களும் 2006-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதை நேராகவே சோதித்தது. ஆண்களும் பெண்களுமாக 70 பேரிடம் நெஞ்சால் தள்ளும் பயிற்சியிலும் காலால் தள்ளும் பயிற்சியிலும் உண்மையான மேக்ஸையும், ஐந்து, பத்து, இருபது ரெப் எடைகளையும் அளந்தார்கள். மேக்ஸை மிக நெருக்கமாகச் சொன்னது ஐந்து ரெப் எடைதான். இரண்டு, மூன்று ரெப் இன்னும் நெருக்கமாகச் சொல்லுமே என்றால், சொல்லும். ஆனால் அந்த எடை மேக்ஸுக்கே பக்கத்தில் போய்விடுகிறது. எதைத் தவிர்க்க நினைத்தோமோ அதையே செய்ததாகிவிடும்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். எந்தச் சூத்திரம் நல்லது என்று ஜிம்களில் நடக்கும் விவாதத்தில் பாதிக்கு மேல் வீண் என்பது என் கருத்து. பிழை பெரும்பாலும் சூத்திரத்தில் இல்லை. ஐந்தாவது ரெப் உண்மையிலேயே கடைசி ரெப்பா என்பதில்தான் இருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். 80 கிலோவை ஐந்து முறை தூக்கி பாரை வைத்துவிட்டீர்கள். உண்மையில் இன்னும் ஒன்று வந்திருக்கும் என்றால் நீங்கள் ஆறு ரெப் ஆள். எப்லி கணக்கில் அது 96 கிலோ, பிரிஸ்கியில் 92.9. இன்னும் இரண்டு வந்திருக்கும் என்றால் ஏழு ரெப் ஆள். எப்லியில் 98.7, பிரிஸ்கியில் 96. அதாவது உள்ளே மிச்சம் வைத்த ஒவ்வொரு ரெப்பும் விடையை ஏறக்குறைய மூன்று கிலோ நகர்த்துகிறது. இரண்டு சூத்திரங்களுக்கு நடுவே இருக்கும் வித்தியாசமே அந்த மூன்று கிலோதான். இரண்டு ரெப் மிச்சம் வைத்துவிட்டு "முழுசா போட்டேன்" என்று சொல்பவர், எந்தச் சூத்திரத்தைத் தேர்ந்தெடுத்தாலும் வராத அளவு பிழையைத் தானே உண்டாக்கிக்கொள்கிறார்.

மிச்சத்தை மதிப்பிடுவது பழகப் பழக வரும் திறன். புதியவர்கள் பெரும்பாலும் மிச்சத்தைக் குறைத்தே சொல்வார்கள். உடம்பு சற்றுத் திணறியதும் "முடிஞ்சுபோச்சு" என்று தோன்றிவிடும், உள்ளே இரண்டு மூன்று ரெப் இருக்கும். செட் முடிவை நெருங்க நெருங்க இந்த மதிப்பீடு துல்லியமாகிறது. பத்தாவது ரெப்பில் நின்றுகொண்டு "இன்னும் ஐந்து வரும்" என்பதைவிட, ஐந்தாவதில் நின்றுகொண்டு "இன்னும் ஒன்று வரும்" என்பது நம்பத்தக்கது. கனமான ஐந்துக்கு ஆதரவாக இது இன்னொரு வாதம்.

நம் உணர்வுக்கு வெளியே ஒரு சாட்சியும் இருக்கிறது, அது பாரின் வேகம். முழு மூச்சாகத் தள்ளினாலும் எடை உங்கள் எல்லையை நெருங்கும்போது பார் மெதுவாகிவிடும். ஸ்பெயினில் கொன்சாலெஸ்-படில்யோ, சாஞ்செஸ்-மெடினா இருவரும் 2010-ல் வெளியிட்ட ஆய்வில், பெஞ்ச் பிரஸ்ஸில் ஒருவர் தன் மேக்ஸைத் தூக்கும்போது பாரின் சராசரி வேகம் வினாடிக்குச் சுமார் 0.16 மீட்டர் என்று கண்டார்கள். ஒரு செட்டை முடியாத நிலைவரை கொண்டுபோனால் அதன் கடைசி ரெப்பும் கிட்டத்தட்ட அந்த வேகத்தில்தான் ஏறும். நெஞ்சிலிருந்து கை நிமிரும்வரை பார் போகும் தூரம் 40 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், அந்த வேகத்தில் மேலே போக இரண்டரை வினாடி ஆகும். கை நீளமானவருக்குச் சற்றுக் கூடும், குட்டையானவருக்குக் குறையும். இதற்குக் கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை. பெஞ்சின் பக்கவாட்டில் கைபேசியை வைத்து வீடியோ எடுத்து, பிறகு ஒவ்வொரு ரெப்பும் ஏற எடுத்த நேரத்தைப் பார்த்தால் போதும். ஐந்தாவது ரெப் ஒரு வினாடியில் போய்விட்டது என்றால் அது கடைசி ரெப் இல்லை, முகத்தை எவ்வளவு சுளித்திருந்தாலும் சரி.

இதில் ஒரு நிபந்தனை உண்டு. எல்லா ரெப்பையும் முடிந்த வேகத்தில் தள்ள வேண்டும். வேண்டுமென்றே நிதானமாகத் தள்ளுகிறவரின் வீடியோ எதையும் சொல்லாது.

ஒரு நாள் பயிற்சியை முழுதாகப் பார்ப்போம். உதாரணத்துக்கு, ஒன்றரை வருடமாகப் பயிற்சி செய்யும் இளைஞர் ஒருவர். போன வாரம் 75 கிலோவில் ஐந்து ரெப் போட்டார், இரண்டு மிச்சம் இருந்த மாதிரி தெரிந்தது. ஆகவே இன்று 80 முயலலாம். நேற்று ஓய்வு நாள். பெஞ்ச் பிரஸ்தான் இன்றைக்கு முதல் பயிற்சி, அதற்கு முன் தோளுக்கோ கைக்கோ எதுவும் செய்யக் கூடாது. வெறும் பாரில் பத்து, 40 கிலோவில் ஐந்து, 55-ல் மூன்று, 65-ல் இரண்டு, 75-ல் ஒன்று. இந்த வார்ம்-அப்பில் ரெப் குறைந்துகொண்டே வருவதைக் கவனிக்க வேண்டும். உடம்புக்குக் கனத்தைப் பழக்க வேண்டும், ஆனால் களைப்பு சேரக் கூடாது. பலர் இங்கேயே 60-ல் பத்து, 70-ல் எட்டு என்று போட்டுவிட்டு, பிறகு 80-ல் நான்கோடு நின்று தன் பலம் குறைந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். 75-க்குப் பிறகு நான்கு நிமிடம் உட்காரச் சொல்லுங்கள்.

இப்போது 80. மாஸ்டர் தலைமாட்டில் நிற்கிறார். பாரைத் தொடுவதில்லை, தொட்டால் அந்த ரெப் கணக்கில் சேராது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். ஒவ்வொரு ரெப்பிலும் பார் நெஞ்சைத் தொட வேண்டும், நெஞ்சில் மோதி எம்பக் கூடாது, இடுப்பு பெஞ்சை விட்டு எழக் கூடாது, மேலே முழங்கை முழுதாக நிமிர வேண்டும். மேலே ஒரு மூச்சு எடுக்கலாம். அங்கேயே நாலைந்து மூச்சு எடுத்துக்கொண்டு நின்றால் அது ஐந்து ரெப் செட் இல்லை, ஓய்வெடுத்து ஓய்வெடுத்துப் போட்ட ஐந்து தனி ரெப்கள். அதிலிருந்து வரும் மேக்ஸ் உண்மையைவிடக் கூடுதலாக இருக்கும்.

முதல் மூன்று ரெப் தலா ஒரு வினாடி அளவில் ஏறின. நான்காவது ஒன்றரை. ஐந்தாவது பாதி வழியில் சற்றுத் திணறி இரண்டு வினாடியில் ஏறியது. பாரை ஸ்டாண்டில் வைத்ததும் மாஸ்டர் கேட்டார், "தம்பி, இன்னொண்ணு வந்திருக்குமா?"

"வந்திருக்கும்னுதான் தோணுது மாஸ்டர். உறுதியா சொல்ல முடியல."

இது நல்ல பதில். வீடியோவும் அதையேதான் சொல்கிறது. இரண்டு வினாடி என்பது எல்லைக்குப் பக்கம், ஆனால் எல்லை இல்லை. ஆகவே இவர் ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே இருக்கும் ஆள். கீழ் எல்லையாக பிரிஸ்கியின் ஐந்து ரெப் விடை 90. மேல் எல்லையாக எப்லியின் ஆறு ரெப் விடை 96. நோட்டில் "90 முதல் 96, நடுவே 93" என்று எழுதிக்கொள்ளலாம். மேக்ஸ் என்று ஒரே எண்ணை எழுதுவதைவிட இது நேர்மையானது.

ஆறு கிலோ இடைவெளி வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தோன்றலாம். அட்டவணைக்குத் திரும்புவோம். 75 சதவீதம் கேட்டிருந்தார்கள். 90-ல் 75 சதவீதம் 67.5 கிலோ. 96-ல் 72. நடு எண்ணான 93-ல் 69.75, அதாவது 70. உள்ளூர் ஜிம்களில் பெரும்பாலும் மிகச் சிறிய பிளேட் இரண்டரை கிலோதான், இரண்டு பக்கமும் சேர்த்தால் ஐந்து ஐந்தாகத்தான் ஏற்ற முடியும். 65, 70, 75 என்றுதான் போட முடிகிற இடத்தில் இந்த மதிப்பீடு 70 என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. உண்மை மேக்ஸ் 91-ஆக இருந்தாலும் 95-ஆக இருந்தாலும் இன்று பாரில் ஏறப்போவது அதே எடை. பயிற்சிக்கு இதற்கு மேல் துல்லியம் தேவையே இல்லை.

சந்தேகம் இருந்தால் கீழ்ப் பக்கம் சாய்வது நல்லது. ஜிம் வென்ட்லர் என்ற அமெரிக்கப் பளுதூக்குநர் 2009-ல் வெளியிட்ட 5/3/1 என்ற பயிற்சித் திட்டம் இதை ஒரு விதியாகவே வைத்திருக்கிறது. எப்லி சூத்திரத்தில் மேக்ஸைக் கணக்கிடச் சொல்லிவிட்டு, அதில் 90 சதவீதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு எல்லாச் சதவீதங்களையும் அதன் மேல் போடச் சொல்கிறார். மேக்ஸைக் கூடுதலாக மதிப்பிட்டவர் மூன்றாவது வாரத்தில் ரெப் முடிக்க முடியாமல் மாட்டிக்கொள்வார். குறைவாக மதிப்பிட்டவருக்கு முதல் இரண்டு வாரம் சற்று இலகுவாகப் போகும், அதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

இதுவரை பேசியது பெஞ்ச் பிரஸ். ஒரே சூத்திரத்தை எல்லாப் பயிற்சிக்கும் போட முடியுமா? 1997-ல் லெசூரும் சகாக்களும் பயிற்சி இல்லாத 67 கல்லூரி மாணவர்களிடம் ஏழு சூத்திரங்களைப் பெஞ்ச் பிரஸ், ஸ்குவாட், டெட்லிஃப்ட் மூன்றிலும் வைத்துப் பார்த்தார்கள். டெட்லிஃப்டில் ஏழுமே உண்மையைவிடக் குறைத்துச் சொல்லின. இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. டெட்லிஃப்ட் ஐந்து ரெப்பில் கால், முதுகு எல்லாம் தயாராக இருக்கும்போதே கைப்பிடி நழுவத் தொடங்கிவிடும், மூச்சும் முட்டும். ஒரே ஒரு முறை என்றால் இந்த இரண்டும் அவ்வளவாகத் தடுக்காது. தரையில் பாரை மோதவிட்டு அந்த எம்பலில் தூக்குகிறவருக்கு நிலைமை தலைகீழ். அவருடைய ஐந்து ரெப் கூடுதலாகக் காட்டும், ஒற்றை ரெப்பில் எம்பல் கிடைக்காது. டெட்லிஃப்டில் ஒவ்வொரு ரெப்பையும் தரையில் நிறுத்தி எடுத்து எண்ணினால்தான் கணக்குக்கு உதவும். சுண்ணப்பொடி பூசிக்கொள்வதும் உதவும். ஸ்குவாட்டில் ஆழம்தான் விஷயம். களைக்கக் களைக்க ஒவ்வொரு ரெப்பும் இரண்டு அங்குலம் மேலேயே நின்றுவிடும். பக்கத்திலிருந்து எடுத்த வீடியோ இல்லாமல் அதைத் தூக்குகிறவரே கண்டுபிடிப்பது கடினம். தோள், கைத் தசை மட்டும் வேலை செய்யும் சின்னப் பயிற்சிகளுக்கு மேக்ஸே தேவையில்லை, சூத்திரம் எதற்கு?

ஆளுக்கு ஆள் வித்தியாசமும் உண்டு. சூத்திரங்கள் பல பேரின் சராசரியிலிருந்து வந்தவை, அந்தச் சராசரியில் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பது சூத்திரத்துக்குத் தெரியாது. அதற்கு வழி, உங்களுக்கென்று ஒரு பெருக்கெண்ணைக் கண்டுபிடிப்பது. எப்போதாவது ஒரு போட்டியிலோ நல்ல மேற்பார்வையிலோ உண்மையான மேக்ஸைத் தொட்டிருந்தால், அதற்குச் சில நாள் முன்போ பின்போ முழுசாகப் போட்ட ஐந்து ரெப் எடையால் அதை வகுத்துப் பாருங்கள். மேக்ஸ் 115 கிலோ, ஐந்து ரெப் 100 கிலோ என்றால் உங்கள் பெருக்கெண் 1.15. இனி அந்தப் பயிற்சிக்கு எப்லியும் வேண்டாம் பிரிஸ்கியும் வேண்டாம், ஐந்து ரெப் எடையை 1.15-ஆல் பெருக்கினால் போதும். ஆனால் மாதக்கணக்கில் பத்து, பன்னிரண்டு ரெப் மட்டுமே செய்துவந்தால் இந்த எண் இறங்கும். கனமான இரண்டு, மூன்று ரெப் பயிற்சிக்கு மாறினால் ஏறும். வருடத்துக்கு ஒரு முறையாவது சரிபார்க்க வேண்டிய எண் இது.

எடையே சரியா என்பதையும் பார்த்துவிடுங்கள். எல்லா ஜிம் பாரும் 20 கிலோ இல்லை. பெண்களுக்கான பார் 15 கிலோ. சாதாரண ஜிம்களில் பத்து, பன்னிரண்டு கிலோ பாரையும் பார்க்கலாம். கம்பிக்குள் ஓடும் ஸ்மித் மெஷின் பாரின் எடை மெஷினுக்கு மெஷின் மாறும். சில பிளேட்களில் பவுண்டில் எழுதியிருக்கும், 45 என்று போட்டிருந்தால் அது ஏறக்குறைய 20.4 கிலோ. வீட்டு எடை மெஷினைக் கொண்டுபோய் ஒரு முறை பாரை நிறுத்திப் பார்த்துவிட்டால் தீர்ந்தது.

மேக்ஸ் சோதனையைத் தவிர்த்துவிட்டோம் என்பதால் ஆபத்தையும் தவிர்த்துவிட்டோம் என்று நினைக்க வேண்டாம். கடைசி ரெப்வரை போகும் ஐந்து ரெப் செட்டிலும் பார் நெஞ்சில் மாட்டிக்கொள்ளும். பெஞ்ச் பிரஸ்ஸில் தலைமாட்டில் ஆள் வேண்டும், அல்லது பாரைத் தாங்கும் பாதுகாப்புக் கம்பிகள் சரியான உயரத்தில் இருக்க வேண்டும். இரண்டும் இல்லாத இடத்தில் தனியாக இதைச் செய்யவே கூடாது. கட்டைவிரலைப் பாரைச் சுற்றிப் போடாமல் பிடிப்பவர்கள் அந்தப் பழக்கத்தை இங்கே விட்டுவிட வேண்டும். கனமாகத் தூக்கும்போது மூச்சை அடக்குவதால் ரத்த அழுத்தம் அந்தச் சில வினாடிகளில் மிகவும் ஏறும். உயர் ரத்த அழுத்தம், குடலிறக்கம், இதயக் கோளாறு, அண்மையில் அறுவை சிகிச்சை, இவற்றில் ஏதாவது இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் ஐந்து ரெப் சோதனையும் வேண்டாம். சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகாதவர்களுக்கும் வேண்டாம். அவர்கள் ஒவ்வொரு வாரமும் சிறிது எடை கூட்டிப் போனாலே போதும், சதவீதம் அவர்களுக்குத் தேவைப்படாது.

பவர்லிஃப்டிங் போட்டிக்குப் பெயர் கொடுத்தவருக்கு மட்டும் இந்த மதிப்பீடு போதாது. போட்டியில் பார் நெஞ்சில் அசையாமல் நிற்க வேண்டும், நடுவர் "பிரஸ்" என்று சொன்ன பிறகுதான் தள்ளலாம். ஜிம்மில் தொட்டவுடன் தள்ளிய ஐந்து ரெப்பிலிருந்து வந்த 93 கிலோ அங்கே கிடைக்காமல் போகலாம். அவர் போட்டிக்கு முந்தைய வாரங்களில், நெஞ்சில் நிறுத்தி, ஒன்றிரண்டு ரெப் மிச்சம் இருக்கும்படியான கனமான ஒற்றை ரெப்களைப் பழக வேண்டும். போட்டியின் முதல் முயற்சிக்கு, அதே முறையில் மூன்று முறை தூக்க முடிகிற எடையைக் கொடுப்பது பாதுகாப்பு.

மற்றவர்கள் ஒரு சூத்திரத்தைப் பிடித்துக்கொண்டு அதிலேயே இருங்கள், போன மாதம் பிரிஸ்கி இந்த மாதம் எப்லி என்று மாறினால் ஒன்றும் செய்யாமலேயே மூன்று கிலோ கூடியதாகத் தெரியும். நோட்டில் எடை, ரெப், மிச்சம் எத்தனை, கடைசி ரெப் எத்தனை வினாடி, எந்தப் பார் என்பதை எழுதிவையுங்கள். ஆறு, எட்டு வாரம் கழித்து அதே பாரில், அதே வார்ம்-அப்பில் மறுபடி செய்யுங்கள். 80-க்குப் பதில் 82.5 கிலோ ஐந்து முறை வந்தால் பலம் கூடியிருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ள எந்தச் சூத்திரமும் வேண்டாம்.